கொழுப்பின் மறைவில் குன்றும் தசை

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஒரு முதியவளின் உடல் நலிவைப் பற்றிப் பேசினால், கேட்பவர் மனத்தில் எழுவது, ஒட்டிய வயிறும் ஒடுங்கிய கன்னமுமாகச் சாமைக் கொல்லையிலிருந்து விறகுக் கட்டோடு வரும் ஒரு கிழவியின் தோற்றமே. அவளுக்குப் பலக்குறைவு இருக்கலாம் என்று எவரும் எளிதில் ஒப்புவர். ஆனால் அதே ஊரில், சாலையும் பேருந்தும் வந்தபின் நடை குறைந்து, அரைவை இயந்திரம் வந்தபின் உரலும் உலக்கையும் மூலைக்குப் போய், சாமையும் கேழ்வரகும் இருந்த பானையில் ரேஷன் அரிசி ஏறிய வீடுகளில், வயிறு பெருத்து, கால் தளர்ந்து, திண்ணையிலிருந்து எழக் கதவு நிலையைப் பற்றிக்கொள்ளும் இன்னொரு முதியவளும் இருக்கக்கூடும். இவளைப் பார்ப்பவர்கள் பலக்குறைவு என்று சொல்வதில்லை. 'உடம்பு போட்டுவிட்டது, வாயைக் கட்டு' என்கிறார்கள். இந்த இரண்டாமவளின் தேகநிலையை எவ்வாறு கண்டறிவது என்பதும், அவள் எடையைக் குறைக்கும்போது எஞ்சியுள்ள தசையையும் இழக்காமல் காப்பது எவ்வாறு என்பதும் இக்கட்டுரையின் விஷயம்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் முன்னோர் இருவேறு மனிதர்களுக்கு இருவேறு ஆகாரம் வகுத்தனர். இங்கே சங்கடம் என்னவென்றால், இளைத்தவரும் கொழுத்தவரும் ஒரே சரீரத்தில் குடியிருக்கின்றனர். மூப்பில் தசை குன்றுவதற்குச் 'சார்கோபீனியா' என்ற பெயரை 1988-ஆம் ஆண்டில் முன்மொழிந்தவர் அமெரிக்கரான இர்வின் ரோசன்பர்க். அந்தக் குறைவு மிகுந்த கொழுப்போடு சேர்ந்து வரும் நிலையைத் தசை நலிவுப் பருமன் என்று நாம் சொல்லலாம். இவை இரண்டும் தற்செயலாக ஒருங்கே அமைந்தவை அல்ல. தசை குறைந்தவர் குறைவாக நடக்கிறார். குறைவாக நடப்பவருக்குக் கொழுப்பு சேர்கிறது. வயிற்றினுள்ளும் தசை இழைகளினிடையிலும் சேர்ந்த கொழுப்பு ஓயாத மெல்லிய அழற்சியை உண்டாக்கி, இன்சுலினின் செயலை மந்தமாக்கி, உண்ட புரதம் தசையாக மாறும் வேலையையும் கெடுக்கிறது. இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

இந்தியரின் தேக அமைப்பு இவ்வபாயத்துக்கு முன்னரே இடம் கொடுத்திருக்கிறது. 2004-ஆம் ஆண்டில் புனே நகரத்து மருத்துவர் யாக்னிக், தம் நண்பரான இங்கிலாந்து மருத்துவர் யட்கினோடு சேர்ந்து நின்ற ஒரு படத்தை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். இருவருக்கும் உயரத்துக்கு ஏற்ற எடைக்குறியீடு 22.3 என ஒன்றாகவே இருக்க, ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதமும், இந்தியரின் உடலில் 21.2 சதவீதமும் இருந்தன. எடைக்கருவி ஒரு மொத்தத்தையே சொல்லும். அந்த மொத்தத்துக்குள் எது எவ்வளவு என்று சொல்லாது. ஆகையால்தான் நம்மவர்க்குக் குறியீடு 23-இலிருந்தே மிகை எடை என்றும், 25-இலிருந்து பருமன் என்றும், இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் அபாயம் என்றும் எல்லைகளைத் தாழ்த்தி வகுத்தனர்.

பரீட்சையின் முறையை விளக்க, ஓர் உதாரணத்தைக் கற்பித்துக்கொள்வோம். அறுபத்தேழு வயதுள்ள ஒரு பெண்மணி. உயரம் 150 சென்டிமீட்டர், எடை 65 கிலோ, ஆகவே குறியீடு ஏறக்குறைய 29. இடுப்பு 96 சென்டிமீட்டர். சர்க்கரை நோய்க்கு இரண்டு மாத்திரைகள், இரத்த அழுத்தத்துக்கு ஒன்று. அவர் சொல்லும் குறை முழங்கால் வலியும் 'கால் ஓயுது' என்பதுமே. கிராமச் செவிலியர் முதலில் ஐந்து விஷயங்களைக் கேட்கிறார்: நாலரைக் கிலோ அளவுள்ள பாரத்தைத் தூக்கிச் சுமக்கவும், அறையின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு நடக்கவும், நாற்காலியிலிருந்தோ கட்டிலிலிருந்தோ எழவும், பத்துப் படி ஏறவும் எவ்வளவு சிரமம், சென்ற ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார் என்பவையே அவை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பு. மொத்தம் நான்கைத் தொட்டால் சந்தேகத்துக்கு இடமுண்டு. மலைநாட்டு வீடுகளில் தரையில் அமர்வதே வழக்கமாகையால், 'ஆயா, கை ஊனாம தரையிலேர்ந்து எழுந்திருப்பீங்களா?' என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்வது நலம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் இந்த வினாத்தாள் நலிவுள்ளோர் பலரைத் தவறவிட்டுவிடும் சுபாவமுடையது; மதிப்பு மூன்றே வந்தாலும், பருத்த முதியவர் ஒருவர் சமீபத்தில் விழுந்திருந்தால் அடுத்த படிக்குப் போகத்தான் வேண்டும்.

அந்த அடுத்த படி பலத்தை அளப்பது. உடற்பருமனையும் ஊட்டத்தையும் ஆராயும் இரண்டு ஐரோப்பிய சங்கங்கள் 2022-இல் கூடி வகுத்த முறையிலும், தசையின் அளவைத் தேடுமுன் தசையின் வேலையைப் பார்க்க வேண்டும் என்றே வரிசை அமைந்திருக்கிறது. சுமார் 45 சென்டிமீட்டர் உயரமுள்ள கையில்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளச் செய்து, ஐந்து முறை முழுமையாக எழுந்து உட்காரச் சொல்லி, ஐந்தாவது முறை நிமிர்ந்து நிற்கும் வரை கைப்பேசியின் கடிகாரத்தில் நேரம் பார்க்க வேண்டும். ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்த எல்லைப்படி, 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் குறைவு உண்டு. நம் பெண்மணிக்கு 19 வினாடிகள் ஆகின்றன. மூன்றாவது முறை எழும்போதே உடலை முன்னால் வீசி எழுகிறார். நான்காவதில் கை தானாகத் தொடைக்குப் போகிறது. எண்ணைப் போலவே இந்த அசைவுகளும் குறித்துக்கொள்ளத்தக்கவை. கைப்பிடி அளக்கும் கருவி இருக்குமானால், பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் ஆணுக்கு 28 கிலோவுக்கும் கீழே பலக்குறைவு, இவருக்கு 14.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். எழ முடியாமைக்குக் காரணம் தசையா, தேய்ந்த முழங்கால் மூட்டா? வலியால் மெதுவாக எழுபவரும் அதே 19 வினாடிகளைக் காட்டுவார். அதனால்தான் கைப்பிடியையும் அளக்கிறோம். முழங்கால் வலி கையின் பலத்தைக் குறைக்காது. கைவிரல் மூட்டுகளும் வீங்கியிருந்தால் அந்த அளவையும் நம்ப முடியாது. அப்போது மருத்துவரின் நேர்ப் பரிசோதனையே துணை. இரண்டும் குறைந்து, விரல்கள் நலமாக இருந்தால், வலியின் மேல் மட்டும் பழி போட இயலாது.

மூன்றாவது, தசையின் அளவு. கையில் நாடா மட்டுமே உள்ள இடத்தில், உட்கார்ந்து முழங்காலைச் செங்கோணமாக மடக்கிய நிலையில் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தை அளப்பர். பெண்ணுக்கு 33, ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தசை குறைவு என்பது ஆசிய எல்லை. நம் பெண்மணியின் கெண்டைக்கால் 34. ஆகவே குறைவில்லை என்று எழுதி முடித்துவிடலாமா? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். நாடா தசையை மட்டும் சுற்றவில்லை. தோலுக்கடியிலுள்ள கொழுப்பையும் சேர்த்தே சுற்றுகிறது. குறியீடு 25-க்கும் 30-க்கும் இடையில் இருப்பவருக்கு 3 சென்டிமீட்டரும், 30-க்கும் 40-க்கும் இடையில் இருப்பவருக்கு 7 சென்டிமீட்டரும் கழித்துப் பார்க்கும்படி ஒரு திருத்தம் பின்னர் வகுக்கப்பட்டது. அது அமெரிக்க மக்களின் அளவுகளிலிருந்து பிறந்ததாகையால் நம்மவர்க்கு அப்படியே பொருந்தும் என்று சாதிக்க முடியாது. எனினும் திசையைச் சரியாகவே காட்டுகிறது. மூன்றைக் கழித்தால் 31, குறைவு வெளிப்படுகிறது. இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் மாத்திரையால் கால் வீங்கியிருந்தாலும் அளவு பொய்யாகப் பெருகும். ஆகவே கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்த பின்னரே நாடாவை எடுக்க வேண்டும்.

திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ சென்று எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா கருவியில் உடல் முழுவதையும் பரிசோதிக்க வாய்த்தால், கொழுப்பும் தசையும் தனித்தனியே தெரியும். இவருக்கு உடற்கொழுப்பு 43 சதவீதம் என்றும், கை கால்களின் தசை 12.4 கிலோ என்றும் வந்ததாகக் கொள்வோம். தசையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 5.5, பெண்ணுக்குரிய எல்லை 5.4, எனவே தேர்ச்சி. அதே தசையை உடல் எடையால் வகுத்தால் 19.1 சதவீதம், அந்த முறையின் எல்லை 19.4, எனவே குறைவு. ஒரே மனுஷிக்கு இரண்டு தீர்ப்பு எப்படி வருமென்றால், முதல் கணக்கு தசை எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறது. இரண்டாவது கணக்கு, சுமக்க வேண்டிய பாரத்துக்கு அது போதுமா என்று கேட்கிறது. பருத்தவரிடம் கேட்கத்தக்கது இரண்டாவது கேள்வியே என்று ஐரோப்பிய அறிக்கை முடிவு செய்தது. அதுவே நியாயம் என்று எனக்கும் தோன்றுகிறது. 65 கிலோ பாரத்தைத் தூக்கிப் படியேறும் கால்கள் அவை.

பரீட்சை முடியுமுன் மாற்றக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும். இரத்தசோகை, தைராய்டுக் குறை, வைட்டமின் டி, பி12 ஆகியவற்றின் குறைவு முதலியன எல்லோரும் அறிந்தவை. அவற்றைவிடக் கவனமாகக் கேட்க வேண்டியது, மூட்டு வலிக்கென்று சந்தைக் கடைகளில் பெயரில்லாப் பொட்டலங்களாக வாங்கிய மாத்திரைகளைப் பற்றி. அவற்றில் ஸ்டீராய்டு இருக்குமானால் அது வயிற்றில் கொழுப்பைக் குவித்துத் தொடையில் தசையை உருக்கும். வலி தணிவதால் நோயாளி அதையே அமிர்தமாக எண்ணுவார். அதைத் திடீரென நிறுத்துவதும் அபாயம். மருத்துவர் படிப்படியாகவே குறைக்க வேண்டும். சிறுநீரகத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு: இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாவது, தசை குறைந்தவருக்கு அது இயல்பாகக் காட்டினாலும் சிறுநீரகம் உண்மையில் தளர்ந்திருக்கலாம். புரதத்தை உயர்த்துமுன் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். 'வாயைக் கட்டு' என்ற உபதேசத்தை மட்டும் பின்பற்றினால் என்ன நிகழும் என்பதைச் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லாரியல் என்ற மருத்துவர் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சி தெளிவாகக் காட்டியது. பருமனும் பலக்குறைவும் உள்ள முதியோர் 107 பேரை நான்கு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். உணவை மட்டும் குறைத்தவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்தனர்; கொழுப்பல்லாத உடற்பகுதியில் 5 சதவீதமும் சேர்ந்து போயிற்று. உணவுக் குறைப்போடு பயிற்சியும் செய்தவர்களிடம் எடை ஏறக்குறைய அதே அளவு குறைந்தும், அந்த இழப்பு 3 சதவீதமாகச் சுருங்கியது. அன்றாடக் காரியங்களைச் செய்யும் திறன் இவர்களிடமே மிக அதிகமாக உயர்ந்தது. பயிற்சியில் எது தசையைக் காக்கிறது என்ற கேள்விக்கு, அதே மருத்துவர் குழு 160 பேரை வைத்துச் செய்து 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி விடை தந்தது. உணவுக் குறைப்போடு நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்கள் 5 சதவீதமும், பாரப் பயிற்சி செய்தவர்கள் 2 சதவீதமும், இரண்டும் செய்தவர்கள் 3 சதவீதமும் கொழுப்பல்லாத பகுதியை இழந்தனர். திறன் மிகவும் உயர்ந்தது இரண்டும் செய்தவர்களுக்கே. ஆகவே 'தினமும் நடங்கள்' என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் சீட்டு, எடை குறைக்கும் முதியவருக்குப் பாதி மருந்தே ஆகும்.

நம் பெண்மணிக்கு நான் வகுக்கும் வரிசை இது: முதல் நான்கு வாரம் உணவின் அளவைக் குறைக்கவே கூடாது; புரதத்தை உயர்த்தி, பயிற்சியைப் பழக்க வேண்டும்; அதன்பிறகே சோறு குறைய வேண்டும். தசைக்கு வேலையும் கட்டுமானப் பொருளும் கிடைத்த பின்னரே எரிபொருளைக் குறைப்பது என்பது இதன் கருத்து.

இவர் இப்போது உண்பதைக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு அரிசி ஏறக்குறைய 300 கிராம், சாம்பாரில் கரைந்த பருப்பு 20 கிராம், தேநீர்ப் பால் அரை டம்ளர், சர்க்கரை, எண்ணெய் என்று மொத்தம் சுமார் 1,550 கலோரி. வயதுக்கும் உருவத்துக்கும் இவருடைய தேவையும் ஏறத்தாழ அதுவே. ஆகவே எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. புரதமோ 35 கிராமைத் தாண்டவில்லை. அதிலும் பெரும்பகுதி அரிசியிலிருந்து வருவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வயது வந்தோருக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் என்று வகுத்திருக்கிறது. முதியவரின் தசை புரதத்துக்கு மந்தமாகவே இசைவதால், அவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது வல்லுநர் கருத்து. எனவே 65 கிராமை எட்டுவது நம் உத்தேசம்.

அதற்காக மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. சாமையோ அரிசியோ நாளுக்கு 120 கிராம். சாமையில் அரிசியைவிடப் புரதம் சற்று அதிகம். கொள்ளு, மொச்சை, துவரை ஆகியவற்றில் எதுவாயினும் உலர்ந்த எடையில் 80 கிராம்; முட்டை இரண்டு; பாலும் மோராகாத தயிருமாக 300 மில்லி; வேர்க்கடலை ஒரு சிறு பிடி; மீல் மேக்கர் 15 கிராம்; எண்ணெய் இரண்டு தேக்கரண்டி; கீரையும் காயும் தாராளமாக. இதன் மொத்தம் சுமார் 1,250 கலோரி. புரதம் 65 கிராமை ஒட்டி வரும். முன்னிருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் 300 கலோரியே. இதற்கு மேல் குறைப்பதும், 1,000 கலோரிக்குக் கீழே இறங்குவதும், ஒரு வேளை பட்டினி கிடப்பதும் இவ்வயதில் தகாதவை. முதல் நான்கு வாரத்தில் இதே புரதத்தை வைத்துக்கொண்டு சாமையை மட்டும் 200 கிராமாக விட்டுவிடலாம்.

புரதத்தை ஒரே வேளையில் குவிப்பது பயன் தராது. வேளைக்கு 20 கிராம் அளவு வர வேண்டும். நம் வீடுகளில் குறைபடுவது காலை வேளை. தேநீரும் கூழுமாகக் கழியும் காலைக்கு இரண்டு முட்டையோடு சுண்டல் ஒரு கிண்ணமும் சேர்ந்தால் அக்குறை தீர்ந்துவிடும். மருமகளிடம் சொல்ல வேண்டியதும் இதுவே. ஏனெனில் முட்டை வாங்கினால் அது பேரப்பிள்ளைகளின் தட்டுக்குப் போய்விடும், கிழவி 'எனக்கெதுக்கு' என்று நகர்ந்துகொள்வாள். குடும்பத்தைக் கூட்டிவைத்துப் பேசாமல் எழுதிக் கொடுக்கும் உணவுப் பட்டியல் காகிதத்தோடு நின்றுவிடும்.

பயிற்சி வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, மணல் பையைத் தரையிலிருந்து இடுப்பளவுக்குத் தூக்கி வைப்பது என்ற நான்கும் போதும். ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை, இரண்டு சுற்று. கடைசி இரண்டு தடவை உண்மையாகவே கடினமாக இருக்க வேண்டும். பன்னிரண்டும் சுலபமாகிவிட்டால் நாற்காலியிலிருந்து தாழ்ந்த முக்காலிக்கும், ஒரு கிலோ மணலிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்கும் மாற வேண்டும். இந்த ஏற்றம் இல்லாவிட்டால் தசை வளர்வதற்குக் காரணமே இல்லை. மூச்சை அடக்கக் கூடாது. இரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டிய நாளில் செய்யக் கூடாது. முழங்கால் நோகுமானால் இருக்கையை உயர்த்திப் பலகை போட்டுத் தொடங்கலாம், நிறுத்திவிடுவது தீர்வாகாது. மற்ற நாட்களில் இருபது நிமிஷம் நடை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கு வரும் ஏற்பாடு உண்டு. முதல் சில தடவைகள் அவர் எதிரில் செய்வது நன்று.

பத்து வயது குறைந்த பாட்டியென்றால் கிலோக்கணக்கில் அவசரப்படலாம். இவருக்கு ஆறு மாதத்தில் 3 முதல் 5 கிலோ போதும். சோறு குறையும் வாரத்திலேயே கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரையின் அளவையும் மருத்துவர் குறைக்காவிட்டால், இரத்தச் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து மயங்கி விழுவார். இடுப்பெலும்பு முறிந்தால் செய்ததெல்லாம் வீணாகிவிடும். இப்போது பேசப்படும் செமக்ளூடைடு போன்ற வாரமொரு ஊசிகளும் எடையோடு தசையைக் குறைக்கக்கூடியவையே. பசியை அடக்கி உணவை வெறுக்கச் செய்வதால், பாரப் பயிற்சியும் புரதமும் நிலைபெறாத முதியவருக்கு அவற்றைத் தொடங்குவது எனக்குச் சம்மதமில்லை.

மாதந்தோறும் நான்கு அளவுகளை ஒரே நோட்டில் எழுத வேண்டும்: எழுந்து உட்காரும் வினாடி, கைப்பிடி, இடுப்பு, எடை. எடை 2 கிலோ குறைந்து, இடுப்பு 3 சென்டிமீட்டர் சுருங்கி, 19 வினாடி 15 ஆகியிருந்தால் குறைந்தது கொழுப்பு. எடை 2 கிலோ குறைந்து, வினாடி 21 ஆகியிருந்தால் குறைந்தது எது என்று விளக்க வேண்டியதில்லை. உடனே சோற்றின் அளவை முன்போல் உயர்த்தி, பயிற்சி உண்மையில் நடக்கிறதா என்று வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். எடை அசையாமல் வினாடி மட்டும் குறைந்திருந்தால் அது தோல்வி அன்று. 2011 ஆராய்ச்சியில் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு எடை மாறாமலே திறன் உயர்ந்தது. திட்டமிட்டதைவிட வேகமாக, வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை இறங்குமானால் மகிழ வேண்டாம். காசநோயோ புற்றுநோயோ மறைந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

வீட்டில் பருத்த முதியவர் இருக்கும் வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அவரைச் சோற்றைக் குறைக்கச் சொல்லுமுன், ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் செய்து, பக்கத்தில் நின்று நேரம் பாருங்கள். 12 வினாடியைத் தொட்டாலோ தாண்டினாலோ, அந்த எண்ணை எழுதிக்கொண்டு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உணவுக் குறைப்பு அதற்குப் பிறகு ஆகட்டும்.